ரீசெட் அழுத்துவதற்கு முன்: வட்ஸ்அப் உரையாடல்களும் படங்களும் எங்கே இருக்கின்றன

போன் மெதுவாகிவிட்டது, இடம் நிரம்பிவிட்டது, அடிக்கடி தானாக நின்று நின்று வருகிறது என்று கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் “ஒருக்கா ரீசெட் அடிச்சா சரியாயிடும்” என்பதுதான். சில நிமிட வேலை. போனும் புதிது போல ஆகிவிடும். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் எது அழிகிறது, எது மிஞ்சுகிறது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வட்ஸ்அப்பில் வந்த படங்களும் குரல் பதிவுகளும் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். வன்னியில் பல குடும்பங்களின் பழைய அல்பங்கள் 2009இன் இடப்பெயர்வோடு போய்விட்டன. கல்யாணப் படமோ இல்லாமல்போன பிள்ளையின் படமோ, வெளிநாட்டிலுள்ள உறவினர் தம்மிடமிருந்த பிரதியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் இன்று வீட்டில் இருக்கும் ஒரே பிரதி. அது அந்தப் போனுக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ரீசெட் எதை அழிக்கிறது

ஆண்ட்ராய்டு போனின் உள்நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. போனை இயக்கும் மென்பொருள் ஒரு பகுதியில் இருக்கும். ரீசெட் அதைத் தொடாது. நீங்கள் நிறுவிய செயலிகள், அவற்றின் தரவுகள், கமராவில் எடுத்த படங்கள், தரவிறக்கிய கோப்புகள், வட்ஸ்அப்பின் உரையாடல்கள் எல்லாம் இன்னொரு பகுதியில் இருக்கும். ரீசெட் துடைப்பது இந்தப் பகுதியை, அதுவும் முழுமையாக. “கலரியில் இருக்கும் படம் போனில்தானே இருக்கிறது, செயலி மட்டும்தானே அழியும்” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கலரி காட்டும் படங்களும் அதே பகுதியில்தான் கிடக்கின்றன.

அழிந்ததைப் பிறகு மீட்க முடியுமா? சில வருடங்களுக்கு முந்திய போன்களில் ஓரளவு முடிந்தது. இப்போதைய போன்களில் உள்ளே எழுதப்படும் ஒவ்வொன்றும் மறைகுறியாக்கப்பட்டே எழுதப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த போன்களிலிருந்து இது கட்டாயம். ரீசெட் செய்யும்போது அந்த மறைகுறியைத் திறக்கும் சாவி அழிக்கப்படுகிறது. இரும்புப் பெட்டகத்தை உடைக்காமல் அதன் ஒரே சாவியை உருக்கிவிடுவது போன்றது. எனவே ரீசெட் முடிந்த பிறகு “சொஃப்ட்வெயார் போட்டு எடுத்துத் தாறம்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அழிந்தது அழிந்ததுதான்.

மிஞ்சுபவை சில உண்டு. சிம் கார்டில் சேமித்த இலக்கங்கள் சிம்மிலேயே இருக்கும். மெமரி கார்ட் போட்டிருந்தால் அதிலுள்ளவை பொதுவாக அழியாது. ஆனால் சில போன்கள் ரீசெட் திரையில் கார்டையும் துடைக்கவா என்று ஒரு சிறு கட்டத்தில் கேட்கும். வேறு சில போன்களில், கார்டை உள்நினைவகத்தின் நீட்சியாகப் பயன்படுத்தும்படி யாரோ அமைத்துக் கொடுத்திருப்பார்கள். அப்படி அமைத்த கார்டின் சாவியும் போனுக்குள்ளேயே இருப்பதால் ரீசெட்டுக்குப் பிறகு கார்டும் திறக்காது. கார்டைக் கழற்றி ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். கோப்புகள் தெரிந்தால் அது சாதாரண கார்ட். அதைத் திரும்பப் போடாமல் வெளியே வைத்துக்கொண்டே ரீசெட் செய்யலாம்.

வட்ஸ்அப் நிறுவனத்திடம் பிரதி இல்லை

“திரும்ப வட்ஸ்அப் போட்டால் எல்லாம் வரும்தானே?” என்பது மிகப் பரவலான நம்பிக்கை. பேஸ்புக்கில் போட்ட படம் கடவுச்சொல் கொடுத்ததும் திரும்பத் தெரிவதைப் பார்த்துப் பழகியதால் வந்த நம்பிக்கை அது. வட்ஸ்அப் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு செய்தி உங்கள் போனுக்கு வந்து சேர்ந்ததும் அவர்களுடைய சேவையகத்திலிருந்து அது நீக்கப்படுகிறது. வந்து சேராத செய்தியைத்தான் 30 நாட்கள் வரை வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மூன்று வருட உரையாடல் இருப்பது இரண்டு இடங்களில் மட்டும்: உங்கள் போனில், நீங்கள் பேக்கப் எடுத்திருந்தால் உங்கள் கூகுள் கணக்கில். மறுமுனையில் பேசியவரின் போனிலும் இருக்கும்தான். ஆனால் அங்கிருந்து ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

போனுக்குள்ளேயே வட்ஸ்அப் தினமும் இரவு 2 மணிக்கு ஒரு பேக்கப் எடுத்து வைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு “பேக்கப் இருக்கிறது” என்று நிம்மதியடைய முடியாது. அது கிடப்பதும் ரீசெட் துடைக்கும் அதே பகுதியில்தான்.

போனுக்கு வெளியே பேக்கப் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே இடம் போதும். வட்ஸ்அப்பில் Settings, அதில் Chats, அதில் Chat backup. மேலே Last backup என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருக்கும். Local என்ற வரி போனுக்குள் எடுத்தது. Google Drive என்ற வரிதான் நமக்கு வேண்டியது. அதில் திகதியே இல்லையென்றால் வெளியே எந்தப் பிரதியும் இல்லை. போன வருடத் திகதி இருந்தால், அதற்குப் பிறகு வந்தவை எதுவும் அதில் இல்லை. நீண்ட காலம் புதுப்பிக்காத பேக்கப் தானாக நீக்கப்படவும் கூடும்.

வன்னியில் அந்த வரி வெறுமையாகவோ பழையதாகவோ இருப்பதற்கு ஒரு சாதாரண காரணம் உண்டு. பேக்கப்பை வைஃபையில் மட்டும் அனுப்பும்படியே வட்ஸ்அப் தொடக்கத்தில் அமைந்திருக்கிறது. வீட்டில் ரவுட்டர் இல்லாமல் டேட்டா கார்ட் போட்டு மட்டும் பாவிக்கும் குடும்பத்தில் அந்தப் பேக்கப் ஒருநாளும் போகாது. யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். அதே திரையில் Back up using cellular என்பதைத் திறந்துவிடலாம். அல்லது வீட்டிலுள்ள இன்னொரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அதோடு இணைத்துவிட்டால், உங்கள் போன் அதை வைஃபை என்றே எடுத்துக்கொள்ளும்.

விசுவமடுவில் ஓர் அம்மாவின் போன்

ஒரு போனை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். விசுவமடுவில் இருக்கும் ஓர் அம்மா. மகன் பிரான்சில். தினமும் அவன் அனுப்பும் குரல் பதிவுகள், பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள், ஊர்க் கோயில் குழுவில் வரும் படங்கள் எல்லாம் சேர்ந்து 64 ஜிபி போன் நிரம்பிவிட்டது. கடையில் ரீசெட் அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் கணினி தெரிந்த ஒரு பெறாமகன் இருக்கிறான். அவன் முதலில் போனைத் தொடாமல் கேட்கிறான்:

“சின்னம்மா, இந்த வட்ஸ்அப் எந்த நம்பரிலை இருக்கு?”

“அது முந்தின நம்பர் தம்பி. அந்த சிம்மை விட்டுக் கனகாலம். இப்ப உள்ளது வேற சிம்.”

பெரும்பாலான இழப்புகள் தொடங்கும் இடம் இதுதான். சிம்மைக் கழற்றிய பிறகும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ரீசெட் செய்து திரும்ப நிறுவும்போதுதான் அந்த இலக்கத்துக்கு ஓர் ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்பும். சிம் இல்லையென்றால் குறியீடும் இல்லை. ரீலோட் போடாமல் விட்ட இலக்கத்தைக் கொம்பனி வேறொருவருக்குக் கொடுத்திருக்கவும் கூடும். பேக்கப் கூகுளில் பத்திரமாக இருந்தாலும், எந்த இலக்கத்தில் எடுத்ததோ அந்த இலக்கத்தை உறுதிப்படுத்தாமல் அதைத் திறக்க முடியாது.

போன் வேலை செய்யும்போதே இதைச் சரிசெய்வது எளிது. Settings, Account, Change number. பழைய இலக்கத்தையும் இப்போதைய இலக்கத்தையும் கொடுத்தால், உறுதிப்படுத்தும் குறியீடு புதிய இலக்கத்துக்குத்தான் வரும். உரையாடல்கள், குழுக்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இதை முடித்த பிறகுதான் பேக்கப் எடுக்க வேண்டும். முதலில் பேக்கப் எடுத்துவிட்டுப் பிறகு இலக்கத்தை மாற்றினால் அந்தப் பேக்கப் பழைய இலக்கத்தோடு கட்டுண்டு நிற்கும்.

அடுத்த கேள்வி ஜிமெயில். Chat backup திரையில் எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். அம்மாவுக்கு அந்த முகவரி தெரியாது. போன் வாங்கிய அன்று கடைப் பெடியன் ஒன்றைத் திறந்து போட்டுக் கொடுத்தான், கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும், இப்போது அவன் அங்கே வேலையில் இல்லை. இது மிகச் சாதாரணமாக நடப்பது. ரீசெட்டுக்குப் பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் பேக்கப்பை எட்ட முடியாது. அதுமட்டுமல்ல, திரைப் பூட்டு மறந்துபோய் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், போனில் முன்பிருந்த கூகுள் கணக்கைக் கொடுக்காமல் போனையே பாவிக்க முடியாது. களவு போன போனைத் திருடன் பாவிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. உரிமையாளரையும் அது வெளியே நிறுத்திவிடும்.

கணக்கு இப்போது போனில் திறந்திருப்பதால் போனின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குப் போய்ப் புதிய கடவுச்சொல் வைக்கப் பார்க்கலாம். பழையது மறந்தாலும் அந்தப் போனின் திரைப்பூட்டைக் காட்டி மாற்ற அனுமதிப்பது உண்டு. மீட்பு இலக்கம் கடைக்காரருடையதாக இருந்தால் அதை அம்மாவின் இலக்கமாக மாற்ற வேண்டும். இது எதுவுமே சரிவராவிட்டால், அம்மாவுக்கென்றே ஒரு புதிய ஜிமெயில் திறந்து போனில் சேர்த்து, Chat backup திரையில் அந்தக் கணக்கைத் தெரிவுசெய்வது மேல். முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். கடவுச்சொல் மாற்றிய அன்றே ரீசெட் செய்யாமல் ஒரு நாள் பொறுப்பது நல்லது. புதிதாக மாற்றிய கடவுச்சொல்லோடு உடனே ரீசெட் செய்தால் கூகுள் சந்தேகப்பட்டு நுழைய விடாமல் வைத்திருக்கலாம்.

இனி அளவு. இந்தப் போனில் வட்ஸ்அப் மொத்தம் 11 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். அதில் வீடியோ 7, படங்கள் 3.5, குரல் பதிவுகள் 0.3, எழுத்துச் செய்திகள் 0.2. கூகுள் ஒரு கணக்குக்கு இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. மின்னஞ்சலும் கூகுள் போட்டோஸும் வட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15க்குள்தான் அடங்க வேண்டும். முன்பு வட்ஸ்அப் பேக்கப் இந்த 15 ஜிபியில் சேராது. இப்போது சேரும். அம்மாவின் கணக்கில் 9 ஜிபி ஏற்கெனவே போய்விட்டதென்றால் மிச்சம் 6. பதினொன்றும் அதற்குள் போகாது. வீடியோவை விட்டுவிட்டால் 4 ஜிபி போகும். Include videos என்பதை மூடி வைத்துவிட்டு Back up என்பதை அழுத்துகிறான்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? ஊரில் சிக்னல் சுமாராக இருந்து செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் மேலே ஏறினால், 4 ஜிபி போகக் கிட்டத்தட்ட நாலரை மணித்தியாலம். டேட்டாவும் 4 ஜிபிக்கு மேல் வேண்டும். இரவில் சார்ஜில் போட்டு விடுவதுதான் வழி. பலர் தவறுவது இந்த இடத்தில்: அரைவாசி ஏறும்போதே பொறுமை இழந்து ரீசெட் செய்துவிடுகிறார்கள். காலையில் Google Drive வரியில் இன்றைய திகதியும் Size என்ற இடத்தில் ஏறத்தாழ 4 ஜிபியும் தெரிந்தால்தான் முடிந்தது. சில மெகாபைட் மட்டும் காட்டினால் படங்கள் ஏறவில்லை.

இதே திரையில் End-to-end encrypted backup என்று ஒன்று இருக்கிறது. அது On என்றிருந்தால், பேக்கப்பைத் திறக்கத் தனியாக ஒரு கடவுச்சொல் அல்லது 64 எழுத்துக் குறியீடு வேண்டும். அது போனால் வட்ஸ்அப்பாலும் கூகுளாலும் திறந்து தர முடியாது. நினைவில்லாவிட்டால் இப்போதே அதை மாற்றியோ மூடியோவிட்டு மறுபடி பேக்கப் எடுக்க வேண்டும். Two-step verification என்ற ஆறு இலக்கப் பின்னும் அப்படித்தான். மின்னஞ்சல் சேர்க்காமல் அதை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும்.

வீடியோவும் குரலும் கேபிள் வழியாக

கூகுளில் ஏறாத 7 ஜிபி வீடியோவைக் கையால் வெளியே எடுக்க வேண்டும். நான் சொல்வது, வீடியோவை மட்டுமல்ல, முழு வட்ஸ்அப் அடைவையுமே எடுத்துவிடுங்கள். போனைக் கேபிளால் கணினியில் இணைத்து, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் File transfer என்பதைத் தெரிவுசெய்தால் போனின் அடைவுகள் தெரியும். வேண்டியது இங்கே இருக்கிறது:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

பழைய போன்களில் முதல் நிலையிலேயே WhatsApp என்ற பெயரில் இருக்கும். அதற்குள் Media அடைவில் WhatsApp Images, WhatsApp Video, WhatsApp Voice Notes என்று தனித்தனியாகக் கிடக்கும். Databases என்ற அடைவுதான் எழுத்துச் செய்திகளின் உள்ளூர்ப் பேக்கப். இந்த முழு WhatsApp அடைவையும் நகலெடுங்கள். “மூவ்” வேண்டாம், “கொப்பி”. கணினி இல்லாவிட்டால் போனில் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ் ஒன்றும் போதும். போனிலுள்ள கோப்புச் செயலியாலேயே நகலெடுக்கலாம்.

“கூகுள் போட்டோஸ்தான் எல்லாப் படத்தையும் எடுத்து வைக்குதே” என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தானாக எடுப்பது கமராவில் எடுத்த படங்களை. வட்ஸ்அப் படங்களின் அடைவைத் தனியாகத் தெரிவுசெய்தால்தான் அதையும் எடுக்கும். குரல் பதிவுகளையோ அது எடுப்பதே இல்லை. மகனின் குரல் கலரியிலும் தெரியாது, போட்டோஸிலும் தெரியாது. அதனால்தான் அதிகம் தொலைவது அது.

நகலெடுத்த பிறகு சரிபாருங்கள். இரண்டு பக்கமும் அடைவின் அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியில் இருக்கும் பிரதியிலிருந்து ஒரு பழைய வீடியோவையும் ஒரு குரல் பதிவையும் திறந்து கேளுங்கள். குரல் பதிவுகளின் பெயர் opus என்று முடியும். விஎல்சி செயலியில் அவை ஒலிக்கும். தட்டினால் மட்டும் இறங்கும்படி மங்கலாக நிற்கும் பழைய படங்கள் உரையாடலில் இருந்தால், அவை போனில் இல்லை, பேக்கப்பிலும் வராது. அனுப்பியவரிடம் இப்போதே திரும்பக் கேளுங்கள்.

மற்றச் செயலிகள் பற்றிச் சுருக்கமாக. வைபரிலும் உரையாடல் போனில்தான் இருக்கிறது. அதற்குள் Viber backup என்ற இடத்தில் தனியாக எடுக்க வேண்டும். ரெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் சேவையகத்தில் இருப்பதால் இலக்கத்தைக் கொடுத்தால் திரும்ப வரும், ஆனால் இரகசிய உரையாடல்கள் வராது. மெசெஞ்சரில் இப்போது ஒரு பின் கேட்கிறது. அதை மறந்தால் பழைய செய்திகள் திறக்காமல் போகலாம்.

திரும்ப ஏற்றும்போது

ரீசெட் முடிந்ததும் சிம்மைப் போட்டு, அதே ஜிமெயிலில் நுழைந்து, பிறகு வட்ஸ்அப்பை நிறுவுங்கள். இலக்கத்தை உறுதிப்படுத்தியதும், பேக்கப் கிடைத்தது என்று அதன் திகதியோடு ஒரு திரை வரும். Restore என்பதை அழுத்த வேண்டும். முதலில் எழுத்துகள் வரும். படங்கள் பின்னால் மெல்ல மெல்ல இறங்கும். அதற்கும் அதே 4 ஜிபி டேட்டா வேண்டும். உரையாடலைத் திறந்ததும் படங்கள் மங்கலாக இருப்பதைப் பார்த்துப் பயந்து வட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். இறங்கி முடியும்வரை விடுங்கள். வீடியோக்கள் இந்த வழியில் வராது, அவை கணினியிலோ பென்டிரைவிலோ உள்ள பிரதியில்தான் இருக்கும்.

பேக்கப் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால் அங்கேயே நில்லுங்கள். Skip அழுத்தி உள்ளே போகாதீர்கள். பெரும்பாலும் வேறு ஜிமெயிலில் நுழைந்திருப்பீர்கள், அல்லது இலக்கம் வேறாக இருக்கும். அதைத் திருத்தி வட்ஸ்அப்பை அகற்றித் திரும்ப நிறுவினால் மறுபடி கேட்கும். தெரியாமல் Skip அழுத்தி உள்ளே போயிருந்தாலும் அன்றிரவே அகற்றிவிடுங்கள். கூகுளில் ஓர் இலக்கத்துக்குக் கடைசியாக எடுத்த ஒரு பேக்கப் மட்டுமே இருக்கும். வெறும் வட்ஸ்அப்போடு போனை விட்டால், அடுத்த பேக்கப் ஏறும்போது அந்த வெறுமைதான் பழைய 4 ஜிபியின் இடத்தில் போய் உட்காரும். அப்படி ஆகிவிட்டால் மிஞ்சியிருப்பது நீங்கள் நகலெடுத்த WhatsApp அடைவுதான். வட்ஸ்அப்பை அகற்றி, அந்த அடைவை அதே `Android/media/com.whatsapp` இடத்தில் போட்டுவிட்டு, கூகுள் கணக்கைச் சேர்க்காமல் நிறுவிப் பாருங்கள். இலக்கம் அதுவே என்றால், உள்ளே இருக்கும் Databases பேக்கப்பைக் காட்டி மீட்கவா என்று கேட்கும்.